வண்டி விஷயமாக, மாமாவுக்கு

மாமா, வணக்கம். நேற்று ராத்திரி போனில் நீங்கள் கேட்டபோது பக்கத்தில் ஆட்கள் பேசிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. அந்த நேரத்தில் பதில் சொல்ல வேண்டாம் என்றுதான் "யோசிச்சுச் சொல்றேன் மாமா" என்றேன். இழுத்தடிக்க விருப்பமில்லை. உங்களுக்கும் வேறு ஏற்பாடு செய்ய நாள் வேண்டும். சங்கீதா கல்யாணத்துக்கு எர்டிகாவைத் தர முடியாது மாமா. மூன்று நாளைக்கும் இல்லை, ஒரு நாளைக்கும் இல்லை.

காரணம் சொல்ல வேண்டியது என் கடமை. என் காதுகுத்துக்கு மடியில் உட்கார வைத்துக்கொண்டது நீங்கள். அக்கா சடங்குக்கு அந்த வருஷம் பருத்தி சரியாக விளையாதபோதும் சீர்வரிசையில் ஒரு தட்டு குறையாமல் கொண்டுவந்தது நீங்கள். அப்படிப்பட்டவரிடம் வண்டி சர்வீஸில் நிற்கிறது, கியர் சரியில்லை என்றெல்லாம் கதை சொல்ல எனக்கு வாய் வராது. சொன்னாலும் கல்யாணத்தன்று நான் அதே வண்டியில் வந்து மண்டப வாசலில் இறங்கும்போது நம் இரண்டு பேருக்கும் அசிங்கம்.

அப்பாவின் டயாலிசிஸைக்கூட நான் காரணமாகச் சொல்லப் போவதில்லை. செவ்வாய், வியாழன், சனி அவரை அழைத்துப் போக வண்டி வேண்டும் என்பது நிஜம்தான். ஆனால் நீங்கள் கேட்ட புதன், வியாழன், வெள்ளியில் அது ஒரு நாள்தான் வருகிறது. "அன்னைக்கு மட்டும் ஆட்டோவில் போயிட்டு வாங்கப்பா" என்று நீங்கள் சொன்னால் அதுவும் நியாயம்தான்.

உண்மைக் காரணம் வேறு. இந்த வண்டி வாங்கிய மறு வருஷம் நம் சொந்தத்தில் ஒருத்தர் ஒரு விசேஷத்துக்கு வாங்கிப் போனார். யார் என்று இங்கே வேண்டாம். திரும்பி வந்தபோது இடதுபக்கக் கதவு ஒடுங்கியிருந்தது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானாகக் கேட்டதற்கு "முன்னாடியே இருந்துச்சே" என்றார். கதவைச் சரிபண்ண ஆன பணம் எப்படியோ போகட்டும். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு வருவதே இல்லை. அன்றைக்கு நானும் வீட்டில் அவளும் உட்கார்ந்து பேசி முடிவு எடுத்தோம், இனி வண்டிச் சாவி யார் கைக்கும் போகாது என்று. போன பங்குனியில் அவளுடைய சொந்தத் தம்பி கிரகப்பிரவேசத்துக்குக் கேட்டபோதும் இல்லை என்றுதான் சொன்னோம். அவனுக்கு இல்லை என்றுவிட்டு உங்களுக்குக் கொடுத்தால் அங்கே நான் தலைகாட்ட முடியாது. அப்புறம், இதை வைத்து "அவன் பொண்டாட்டி சொல்லித்தான் தரலை" என்று யாரும் பேச வேண்டாம். ஆர்.சி. என் பெயரில் இருக்கிறது, முடிவும் என்னுடையதுதான்.

பக்கத்து வீட்டுப் பையன் நன்றாக ஓட்டுவான், எல்.எல்.ஆர். போட்டிருக்கிறான் என்றீர்கள். எல்.எல்.ஆர். வைத்திருப்பவன் பக்கத்தில் லைசென்ஸ்காரர் உட்காராமல் ஓட்டவே கூடாது மாமா. அப்படி ஓட்டவிட்டால் வண்டியின் சொந்தக்காரனுக்கும் அபராதம். 2019-இல் சட்டத்தைத் திருத்திய பிறகு அது 5,000 ரூபாய். அபராதத்தைக்கூட விடுங்கள். மதுரை ஏர்போர்ட்டில் சிங்கப்பூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு நாலுவழிச் சாலையில் ராத்திரி வரும்போது யார் மேலாவது இடித்துவிட்டால், கோர்ட்டுக்கு வரும் கேஸில் என் பெயரும் இருக்கும். ஓட்டியவனுக்குச் சரியான லைசென்ஸ் இல்லை என்றால், இன்சூரன்ஸ் கம்பெனி அடிபட்டவருக்குக் கொடுத்த பணத்தை என்னிடம் திருப்பிக் கேட்கலாம். வீட்டை விற்றாலும் கட்ட முடியாத தொகையாக அது இருக்கலாம்.

சரி, லைசென்ஸ் உள்ள ஆளையே பிடித்துவிடுகிறேன் என்பீர்கள். அப்போதும் என் பதில் இதுதான் மாமா. அதனால் அதற்காக அலைய வேண்டாம்.

"வேணும்னா வாடகை வாங்கிக்கோ" என்று சொன்னீர்களே, அது மட்டும் கொஞ்சம் வலித்தது. உங்களிடம் வாடகை வாங்குகிற இடத்தில் நான் இல்லை. அதோடு வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு விட்டால் அது பெர்மிட் இல்லாத டாக்ஸி ஆகிவிடும். அந்த நேரத்தில் ஏதாவது நடந்தால் இன்சூரன்ஸும் கைவிரிக்கும்.

இப்போது என்னால் ஆவதைச் சொல்கிறேன். பெண் அழைப்புக்கும் ஏர்போர்ட்டுக்கும் மஞ்சள் போர்டு இன்னோவா ஒன்று பேசிக்கொள்ளுங்கள். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்ட் பக்கம் உங்களுக்குத் தெரிந்த டிராவல்ஸ்காரர்கள் இருப்பார்கள். இல்லை என்றால் அப்பாவை எப்போதாவது கூட்டிப்போகும் டிரைவர் ஒருவர் மதுரையில் இருக்கிறார். நிதானமான ஆள், வெற்றிலை பாக்குகூடப் போட மாட்டார். அவரிடம் நானே பேசுகிறேன். எந்த வண்டியானாலும் அதில் ஒரு நாள் வாடகையும் டிரைவர் பேட்டாவும் என் பொறுப்பு. இதை மொய் நோட்டில் எழுத வேண்டாம். மொய் தனியாக வரும். முகூர்த்த நாள் என்பதால் வண்டிகளுக்குக் கிராக்கி இருக்கும், அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அட்வான்ஸ் கொடுத்துவிடுவது நல்லது. எந்த வண்டி என்று சொல்லுங்கள், பணத்தை அன்றைக்கே ஜிபேயில் போட்டுவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை 4.30 மணிக்கெல்லாம் எங்கள் வண்டியோடு நான் மண்டபத்தில் இருப்பேன். பெரியவர்களை வீட்டிலிருந்து கூட்டி வரணுமா, மாலையை மறந்துட்டாங்களா, மளிகைச் சாமான் ஏதாவது குறையுதா, சொல்லுங்கள். கடைசிப் பந்தி முடிகிறவரை நானே ஓட்டுகிறேன். சாவி மட்டும் என் சட்டைப் பையிலேயே இருக்கும். "அண்ணே, அஞ்சு நிமிஷம் கொடுங்க, பூ வாங்கிட்டு வந்துடறேன்" என்று பையன்கள் வந்து நிற்பார்கள், நான் இல்லை என்பேன், அது அங்கே ஒரு பேச்சாகும். அதனால் முன்கூட்டியே நீங்கள் அவர்களிடம் சொல்லி வைத்துவிடுங்கள்.

இதை மாற்றச் சொல்லி அம்மாவுக்குப் போன் போட வேண்டாம் மாமா. அம்மாவுக்கு எல்லாம் தெரியும். "தம்பிகிட்ட நான் எப்படிடா சொல்றது, நீயே சொல்லிடு" என்றுதான் சொன்னது. இரண்டு பக்கமும் நின்று அது தூக்கம் கெட வேண்டாம். உங்களுக்குக் கோபம் வந்தால் என்னைத் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

அம்மா புதன்கிழமை சாயங்காலமே அங்கே வந்துவிடும், நான்தான் கொண்டுவந்து விடுவேன். சீர் முறுக்குச் சுடக் கை பத்தவில்லை என்று அத்தை சொன்னதாகக் கேள்வி. அப்பா வியாழன் டயாலிசிஸ் முடித்து வெள்ளிக்கிழமை என்னோடு வருகிறார். வரவே முடியாது என்று இருந்தவர், சங்கீதா கல்யாணம் என்றதும் வேட்டியை எடுத்து வைத்துவிட்டார். அவருக்கு உப்புக் குறைத்துச் சமைத்ததை வீட்டிலிருந்தே டிபன் கேரியரில் எடுத்து வருவோம். சமையல்காரரிடம் தனியாகச் சொல்லி அலைய வேண்டாம். மின்விசிறி பக்கமாக ஒரு நாற்காலி மட்டும் அவருக்குப் போட்டு வையுங்கள், மாமா.

செந்தில்