பிளஸ் ஒன் புவியியல் – ஒப்படைப்பு 3: சென்னையின் காலநிலை வரைபடத்தைப் படித்து விவரித்தல்

பின்பக்கத்தில் அச்சிட்டிருப்பது சென்னை நுங்கம்பாக்கம் நிலையத்தின் பல்லாண்டு சராசரியிலிருந்து வரைந்த படம். ஜனவரி முதல் டிசம்பர் வரை 12 மாதங்கள். கோடு வெப்பநிலை, பட்டைகள் மழை. இடப்பக்க அச்சு 0 முதல் 40° செ., வலப்பக்க அச்சு 0 முதல் 400 மி.மீ. செங்குத்தாக 1 செ.மீ. என்றால் இடப்பக்கம் 5°, வலப்பக்கம் 50 மி.மீ. ஆகவே கிராப் தாளின் ஒரு சின்னக் கட்டம் வெப்பத்துக்கு அரை டிகிரி, மழைக்கு 5 மி.மீ.

மதிப்பெண் அதிகம் போகும் இடம் இந்த இரண்டு அச்சுகள்தான். மே மாதப் புள்ளி 6.5 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. இடப்பக்கம் பார்த்தால் 32.5°. கண் வலப்பக்கம் தாவினால் "மே மாத மழை 325 மி.மீ." என்று எழுதிவிடுவீர்கள். நவம்பர் பட்டையை இடப்பக்கம் படித்தால் நவம்பரில் 37° வெயில் அடிக்கும்! அளவுகோலைப் பட்டையின் தலையில் கிடையாக வைத்து, வலப்பக்க அச்சு வரை பென்சிலால் மெல்லிய கோடு இழுத்துப் படியுங்கள். வெப்பப் புள்ளிக்கு இதையே இடப்பக்கமாகச் செய்யுங்கள்.

முதலில் 12 மாதங்களையும் அட்டவணையாக எழுதிக்கொண்டு, இந்த எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மழையில் 5 மி.மீ., வெப்பத்தில் அரை டிகிரி முன்னே பின்னே இருக்கலாம்.

வெப்பநிலை (° செ.): ஜன 25, பிப் 26.5, மார் 28.5, ஏப் 30.5, மே 32.5, ஜூன் 32, ஜூலை 31, ஆக 30.5, செப் 30, அக் 28.5, நவ 26.5, டிச 25.5.

மழை (மி.மீ.): ஜன 26, பிப் 3, மார் 4, ஏப் 14, மே 34, ஜூன் 56, ஜூலை 104, ஆக 127, செப் 148, அக் 316, நவ 374, டிச 177.

இனி கணக்கு. மழையைக் கூட்ட வேண்டும், வெப்பத்தைச் சராசரி எடுக்க வேண்டும். பலர் இதை மாற்றிச் செய்கிறார்கள். ஆண்டு மழை 1383 மி.மீ. வெப்பநிலைகளின் கூட்டுத்தொகை 347, அதை 12-ஆல் வகுத்தால் 28.9°. ஆண்டு வெப்ப வியாப்தி, அதாவது அதிக வெப்ப மாதத்துக்கும் குறைந்த வெப்ப மாதத்துக்கும் உள்ள வித்தியாசம்: 32.5 – 25 = 7.5°. படத்திலிருப்பது மாதச் சராசரி என்பதால், மே மாதப் பகலில் 40° தொட்ட நாள்களை இதில் தேடாதீர்கள்.

மழையைப் பருவம் பிரித்துக் கூட்டுங்கள்: அக்டோபர்–டிசம்பர் 867 மி.மீ. (63%), ஜூன்–செப்டம்பர் 435 மி.மீ. (31%), மீதி ஐந்து மாதங்களும் சேர்ந்து வெறும் 81 மி.மீ. (6%). விடையின் முதுகெலும்பு இந்த மூன்று சதவீதங்கள். மாதம் மாதமாக "ஜனவரியில் 26, பிப்ரவரியில் 3" என்று ஒப்பித்தால் அது அட்டவணையை வாக்கியமாக்கியதுதான், விவரிப்பு ஆகாது.

வறண்ட மாதம் எது? மி.மீ. கணக்கில் மழை, வெப்பநிலையின் இருமடங்கைவிடக் குறைந்தால் அது வறண்ட மாதம். ஜூனில் 32 × 2 = 64, மழை 56: வறண்டது. ஜூலையில் 62-க்கு எதிராக 104: வறண்டதில்லை. ஆக, ஜனவரி முதல் ஜூன் வரை ஆறு மாதங்கள். சில நூல்களில் "பட்டை கோட்டுக்குக் கீழே இருந்தால் வறட்சி" என்று பார்த்திருப்பீர்கள். 10°-யும் 20 மி.மீ.-யும் ஒரே உயரத்தில் வரும் படத்துக்கு மட்டுமே அது பொருந்தும். நம் படத்தில் 10°-க்கு நேரே நிற்பது 100 மி.மீ. அந்த விதியை இங்கே கண்ணால் போட்டால் 148 மி.மீ. பெய்யும் செப்டம்பரும் வறண்ட மாதமாகிவிடும்.

எழுதும்போது விவரிப்பு முதல் பத்தி, காரணம் அடுத்த பத்தி. இரண்டையும் கலக்காதீர்கள். நீளமும் நடையும் தெரிவதற்காக ஒரு மாதிரி:

"சென்னையில் ஆண்டு முழுவதும் வெப்பம் மிகுந்துள்ளது, எந்த மாதமும் 25°-க்குக் கீழே இறங்கவில்லை. ஜனவரியில் 25° ஆக இருக்கும் வெப்பநிலை மே மாதத்தில் 32.5° என்ற உச்சத்தை அடைந்து, செப்டம்பர் வரை மெதுவாகவும் அதன் பின் விரைவாகவும் குறைகிறது. ஆண்டு வெப்ப வியாப்தி 7.5° மட்டுமே. ஆண்டு மழையளவு 1383 மி.மீ.; இதில் 63% அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. அதிக மழை பெறும் மாதம் நவம்பர் (374 மி.மீ.), குறைந்த மழை பெறும் மாதம் பிப்ரவரி (3 மி.மீ.). ஜனவரி முதல் ஜூன் வரை வறண்ட காலம். வெப்பம் உச்சத்தில் இருக்கும்போது மழை குறைவாகவும், வெப்பம் குறையும்போது மழை மிகுதியாகவும் இருப்பது இவ்வரைபடத்தின் சிறப்புக்கூறு.

"சென்னை ஏறக்குறைய 13° வடக்கில் உள்ளதால் சூரியக் கதிர்கள் ஆண்டு முழுவதும் செங்குத்தாகவோ அதையொட்டியோ விழுகின்றன. அருகிலுள்ள கடல் வெப்ப வியாப்தியைக் குறைக்கிறது. ஜூன்–செப்டம்பரில் தென்மேற்குப் பருவக்காற்று வீசினாலும், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் இருப்பதால் மழை மிதமாகவே உள்ளது. அக்டோபர் முதல் வடகிழக்குக் காற்று வங்கக் கடலில் ஈரப்பதத்தைப் பெற்று வருவதாலும், காற்றழுத்தத் தாழ்வுகளும் புயல்களும் உருவாவதாலும் மழை உச்சம் பெறுகிறது."

மே மாதம் ஏன் உச்சம், ஜூலை ஏன் இல்லை என்று எழுதுபவர்களுக்குக் கூடுதலாக ஒரு மதிப்பெண் உண்டு. குறிப்பு: சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருவது ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும். இரண்டாவது முறை வரும்போது வானத்தில் என்ன இருக்கிறது என்று யோசியுங்கள்.

"மழை அதிகம்", "வெயில் கொஞ்சம்" என்று எண் இல்லாமல் முடியும் வாக்கியத்துக்கு அரை மதிப்பெண்தான். இன்னொன்று: வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றதையும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலையும் முதல் பத்தியில் எழுதாதீர்கள். நம் தெருவில் நடந்தது உண்மைதான், ஆனால் படத்தில் அது இல்லை. 2015 நவம்பரில் மட்டும் நுங்கம்பாக்கத்தில் 1000 மி.மீ.-க்கு மேல் பெய்தது. படம் காட்டுவது 374. சராசரி இத்தகைய ஆண்டுகளையும் மழை பொய்த்த ஆண்டுகளையும் சேர்த்துச் சமன்செய்துவிடும். இதை எழுத விரும்பினால் கடைசியில், "வரைபடத்தின் வரம்பு" என்ற தலைப்பில் இரண்டு வரி போதும்.

உங்கள் வேலை: மாதிரியைப் பார்த்து எழுதாமல், சொந்த நடையில் சென்னைக்கு 150 சொல் (6 மதிப்பெண்). பிறகு பெயர் கொடுக்காத ஓர் ஊர் (4 மதிப்பெண்): அங்கே பிப்ரவரியில் 25°, ஜூலையில் 13°, மழையின் பெரும்பகுதி மே முதல் ஆகஸ்ட் வரை, கோடை வறண்டது. அந்த ஊர் எந்த அரைக்கோளத்தில், எந்தக் காலநிலை வகையில் இருக்கிறது? எந்த எண்ணை வைத்து அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். ஊரின் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

வரைபடத் தாளை விடைத்தாளோடு பின் அடித்து, பென்சில் கோடுகளை அழிக்காமல், வெள்ளிக்கிழமை முதல் பீரியடில் கொடுக்கவும்.