பொருள்: 2024-25 நிதியாண்டுக்கான வருமான வரி ரிட்டன் – தேவைப்படும் ஆவணங்களும் கணக்கு விவரங்களும்

16-06-2025, திண்டுக்கல்

மதிப்பிற்குரிய செல்வராஜ் அவர்களுக்கு,

வணக்கம். 2025 மார்ச் 31-ஆம் தேதியுடன் முடிந்த ஆண்டுக்கான தங்கள் ரிட்டனைத் தயாரிக்கும் வேலையைத் தொடங்குகிறோம். கடைசி நாள் செப்டம்பர் 15 வரை நீட்டிக்கப்பட்டிருந்தாலும், கடந்த ஜனவரியில் தாங்கள் வேடசந்தூர் மனையை விற்றிருப்பதால் இந்த முறை அதுவரை காத்திருப்பது தங்களுக்கு நஷ்டம். அந்த லாபத்துக்கான வரியை மார்ச் 15-க்குள் முன்கூட்டிய வரியாகக் கட்டியிருக்க வேண்டும். கட்டாத தொகைக்கு ஏப்ரல் முதல் மாதம் ஒரு சதவீதம் வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது. ரிட்டனுக்குக் கிடைத்த கூடுதல் அவகாசம் இந்த வட்டியை நிறுத்தாது. எனவே மனை தொடர்பான தாள்களை மட்டும் முதலில், ஜூன் 25-க்குள், அனுப்பிவைக்க வேண்டுகிறேன்.

விற்பனைப் பத்திரத்தின் முழு நகல், 2009 ஆகஸ்டில் வாங்கியபோது பதிந்த பத்திரம், அப்போது செலுத்திய முத்திரைத் தீர்வை மற்றும் பதிவுக் கட்டண ரசீதுகள், பிறகு மண் கொட்டி மேடாக்கியதற்கும் காம்பவுண்டு சுவர் எழுப்பியதற்கும் உள்ள பில்கள், தரகருக்குக் கொடுத்த கமிஷனுக்கான சான்று ஆகியவை வேண்டும். பழைய ரசீதுகளை நான் வற்புறுத்திக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய மனை என்பதால், பணவீக்கக் குறியீட்டைச் சேர்க்காமல் 12.5 சதவீதம், சேர்த்து 20 சதவீதம் என இரு வழியிலும் கணக்கிட்டு, குறைவாக வருவதைக் கட்டலாம். தாங்கள் சொன்ன 6 லட்சம் வாங்கிய விலையையும் 28 லட்சம் விற்ற விலையையும் மட்டும் வைத்துப் பார்த்தால், முதல் வழியில் வரி ரூ.2,75,000, இரண்டாவது வழியில் (குறியீடு 148-லிருந்து 363) சுமார் ரூ.2,65,700. செஸ் இதில் சேரவில்லை. இரண்டாவது வழியில், 2009-இல் செய்த செலவு ஒவ்வொரு ஆயிரம் ரூபாய்க்கும் வரியில் ஏறக்குறைய 490 ரூபாய் குறையும். வீட்டுப் பெட்டியில் எங்காவது இருக்கும் பழைய ரசீதைத் தேடி எடுப்பது நிச்சயம் பலன் தரும்.

பதிவு நாளில் அந்த மனைக்கு இருந்த வழிகாட்டி மதிப்பையும் தெரிவியுங்கள். விற்ற விலையை விட அது பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால், வழிகாட்டி மதிப்பே விற்ற விலையாகக் கொள்ளப்படும். 28 லட்சமும் எந்தத் தேதியில், எந்த வங்கிக் கணக்கில், எவ்வளவு வந்தது என்பதையும், அதில் ஏதேனும் ரொக்கமாகப் பெற்றிருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். அந்தப் பணத்தில் வீடு கட்டும் எண்ணம் இருந்தால் உடனே சொல்லுங்கள். வரிவிலக்குக் கோர வேண்டுமானால், செலவாகாமல் மீதமிருக்கும் தொகையை ரிட்டனின் கடைசி நாளுக்குள் வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கில் போட்டாக வேண்டும்.

மற்றவை ஜூலை 10-க்குள் வந்தால் போதும். ஹார்டுவேர் கடைக்கு, ஆண்டு விற்பனையை ரொக்கம், வங்கி வழி என்று பிரித்துத் தர வேண்டும். அனுமான முறையில் ரொக்க விற்பனைக்கு 8 சதவீதமும், வங்கி வழியாக வந்ததற்கு 6 சதவீதமும் குறைந்தபட்ச லாபமாகக் காட்டுகிறோம். இந்தத் தொகை ஜி.எஸ்.டி. ரிட்டன்களில் காட்டிய விற்பனையோடு ஒத்துப்போக வேண்டும் என்பதால், பன்னிரண்டு மாத ரிட்டன்களையும் சரக்குத் திரும்பியதற்கான கிரெடிட் நோட்டுகளையும் இணையுங்கள். மார்ச் 31 அன்றைய கையிருப்புச் சரக்கு, கையில் இருந்த ரொக்கம், வரவேண்டிய பாக்கி, கொடுக்கவேண்டிய பாக்கி ஆகிய நான்கும் தேவை. சரக்கைச் சுமாராகச் சொல்லாமல், பெயிண்ட், பைப், கம்பி, சிமெண்ட் என்று இனவாரியாக வாங்கிய விலையில் எழுதித் தாருங்கள்.

நடப்பு, சேமிப்புக் கணக்குகள் அனைத்துக்கும் 01-04-2024 முதல் 31-03-2025 வரையிலான ஸ்டேட்மெண்ட் வேண்டும். வரித்துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையைப் பார்த்தேன். சென்ற ஆண்டு நம் கணக்கில் இல்லாத ஒரு வைப்புத் தொகையின் வட்டியாக ரூ.38,640 அதில் பதிவாகியிருக்கிறது. அது தங்களுடையதா, தங்கள் மனைவியாருடன் கூட்டாக உள்ளதா, பணம் யாருடையது என்று தெளிவுபடுத்துங்கள்.

மாடி வீட்டு வாடகைக்கு ஒப்பந்த நகல், வீடு காலியாக இருந்த மாதங்கள் (இருந்தால்), மாநகராட்சிக்குக் கட்டிய சொத்துவரி ரசீது ஆகியவை போதும்.

ஆயுள் காப்பீடு, மருத்துவக் காப்பீடு, பிள்ளைகளின் கல்விக் கட்டணம், வீட்டுக் கடன் வட்டிச் சான்றிதழ் இவற்றையும் அனுப்புங்கள். புதிய வரி முறையில் இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கழிவு இல்லை; ஆனாலும் இரு முறைகளையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே முடிவு செய்யலாம். பழைய முறை வேண்டுமென்றால் படிவம் 10-IEA-வைக் கடைசி நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். தொழில் வருமானம் உள்ளவர் அதிலிருந்து புதிய முறைக்கு ஒரு முறைதான் திரும்பலாம் என்பதால், அந்த முடிவைத் தங்களுடன் நேரில் பேசாமல் எடுக்க மாட்டேன்.

ஸ்கேன் செய்த நகல்களை இந்த மின்னஞ்சலுக்குப் பதிலாகவே அனுப்பலாம். மனைப் பத்திரங்களின் அசலை மட்டும், சரிபார்த்து அன்றே திருப்பித் தரும்படி, அலுவலகத்துக்கு நேரில் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
கணேசன்
பட்டயக் கணக்காளர்