மாவிலை எதற்கு, கோலம் எதற்கு: தலைப்பொங்கல் வீட்டுக்கு ஒரு விளக்கம்

எதிர்வீட்டில் புதிதாகக் குடிவந்திருக்கும் பெண்ணுக்கு இது தலைப்பொங்கல். படித்தது, வளர்ந்தது எல்லாம் வெளியூர். மார்க்கெட்டில் வாங்கிய பிளாஸ்டிக் மாவிலைத் தோரணத்தையும் கோல ஸ்டிக்கரையும் கொண்டுவந்து காட்டி, "ஆன்ட்டி, இதையெல்லாம் ஏன் வைக்கிறோம்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

முதலில் ஒன்று. இவை வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமான அலங்காரம் இல்லை, தெருவுக்கும்தான். வாசலைப் பார்த்தே அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று ஊர் தெரிந்துகொள்ளும். நிலைப்படியில் மாவிலை தொங்கினால் விசேஷம். குலை தள்ளிய வாழைமரம் இருபக்கமும் நின்றால் கல்யாணமோ காதுகுத்தோ, பெரிய விசேஷம். வாழை தன் பக்கத்திலேயே கன்று விட்டுத் தழைக்கிற மரம். அதனால்தான் 'வாழையடி வாழையாக' என்று வாழ்த்துகிறோம்.

மாவிலையைத் தேர்ந்ததற்குக் காரணமாக எனக்குத் தோன்றுவது அதன் தாக்குப்பிடிக்கும் குணம். பறித்த இலை சீக்கிரம் அழுகாது. பல நாள் தொங்கிச் சருகாகும். கலசத்தின் வாயில் தேங்காயைச் சுற்றிச் செருகுவதும் இதே இலையைத்தான். பறித்துக் கட்டிய இலை ஆக்சிஜன் தருகிறது என்று வாட்ஸப்பில் வருவதை நம்ப வேண்டாம். காம்புப் பக்கத்தைச் சணல் கயிற்றின் மேல் மடித்து ஈர்க்குச்சியால் குத்தினால் போதும், தோரணம் தயார். கொங்குப் பக்கம் போகியன்று வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் கொத்தாகச் செருகிக் காப்புக் கட்டுவார்கள். அது அழகுக்கு இல்லை, வீட்டுக்குக் காவல்.

அடுத்து கோலம். இதில் பேச நிறைய இருக்கிறது. விடியற்காலையில் வாசல் பெருக்கி, தண்ணீர் தெளித்து, ஈரம் காய்வதற்குள் போடுவதுதான் முறை. அந்தக் காலத்தில் பச்சரிசி மாவு. எறும்பும் குருவியும் தின்னும். இன்று கடையில் விற்கும் கோலமாவு பெரும்பாலும் கல்மாவு, எறும்பு சீண்டாது. பண்டிகையன்றாவது அரிசியை ஊறவைத்து அரைத்து மாக்கோலம் போட்டு, ஓரத்தில் காவி பூசிப் பாருங்கள். காய்ந்த பிறகுதான் பளிச்சென்று எழும்பும்.

புதிதாகப் பழகுகிறவர்கள் நேர்புள்ளியில் தொடங்கலாம். நடுவில் 7 புள்ளி, மேலும் கீழும் 5, 3, 1. மொத்தம் 25 புள்ளிதான். ஒரு புள்ளிக்கு நேராக இல்லாமல் இரண்டு புள்ளிக்கு நடுவே அடுத்த வரிசை வந்தால் அது ஊடுபுள்ளி. புள்ளிகளைச் சேர்த்தால் பூ, மயில், பானை வரும். சேர்க்காமல் சுற்றி வளைத்தால் சிக்குக் கோலம். சிக்குக் கோலத்தில் இழை தொடங்கிய இடத்துக்கே வந்து மூட வேண்டும், வாய் திறந்து நிற்கக்கூடாது என்பார் என் மாமியார்.

கோலம் இல்லாத வாசலும் ஒரு செய்திதான். துக்க வீட்டில் கோலம் போட மாட்டார்கள். பல வீடுகளில் திதியன்று காரியம் முடிந்த பிறகுதான் போடுவார்கள். முன்பெல்லாம் ஒரு வீட்டில் காலை எட்டு மணி வரை கோலம் விழவில்லை என்றால், "என்னக்கா, உடம்பு சரியில்லையா?" என்று பக்கத்து வீட்டிலிருந்து யாராவது வந்துவிடுவார்கள். ஸ்டிக்கரில் எனக்குள்ள வருத்தமே இதுதான். ஆள் ஊரில் இல்லாவிட்டாலும் அது சிரித்துக்கொண்டே கிடக்கும்.

விளக்கைப் பற்றிச் சுருக்கமாக. நிறைமதி அறுமீன் என்னும் கார்த்திகை நட்சத்திரத்தைச் சேரும் நாளில் தெருவில் விளக்கு வைத்து மாலை தொங்கவிட்டதை அகநானூற்றின் 141-ஆம் பாட்டு சொல்கிறது. இன்றைய கார்த்திகை தீபம் அதன் தொடர்ச்சிதான். பொங்கலுக்குத் தெருவெல்லாம் அகல் வைக்க வேண்டியதில்லை, படையலுக்கு முன் குத்துவிளக்கு போதும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: விளக்கை வாயால் ஊதக்கூடாது, 'அணை' என்றும் சொல்லக்கூடாது. பூவால் ஒற்றிக் 'குளிர வைக்க' வேண்டும். மங்கலமான பொருளுக்கு அமங்கலச் சொல் ஆகாது.

அப்புறம், கடைசி நாளுக்கென்று தேர்க்கோலம் இருக்கிறது. தேர் வரைந்து அதன் வடத்தை வாசலைத் தாண்டி நீட்டிப் பக்கத்து வீட்டுக் கோலத்தோடு சேர்க்கும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. காணும் பொங்கலன்று காலையில் ஆறு மணிக்கு என் வடத்தை உன் கதவு வரை இழுத்துவிடுவேன், தேரை நீ போட்டு வை என்று எதிர்வீட்டுப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறேன்.