பொருள்: செப்டம்பர் 2025 சம்பளத்தில் ரூ. 10,350 குறைவு – பணியாளர் இல. 0417

மனிதவளப் பிரிவு உத்தியோகத்தர் அவர்களுக்கு,

வணக்கம். பரந்தன் நெல் களஞ்சியத்தில் எடைப்பதிவு எழுதுநராக வேலை செய்கிறேன். செப்டம்பர் சம்பளச் சீட்டு நேற்றுக் கைக்கு வந்தது. அதில் இரண்டு இடங்களில் தொகை பிழையாக இருக்கிறது. வங்கிக்கு வந்த காசும் சீட்டில் உள்ளபடிதான், ஆகவே பிழை வங்கியில் இல்லை.

எனக்கு வரவேண்டியதும் வந்ததும் இவை:

அடிப்படைச் சம்பளம்: வரவேண்டியது 54,000, வந்தது 48,000
மேலதிக நேரம்: வரவேண்டியது 6,750, வந்தது 2,400
பயணப்படி: 5,000, இது சரி
சேமலாப நிதிக் கழிவு: 4,320, இதுவும் சரி
கையில் கிடைக்க வேண்டியது 61,430, கிடைத்தது 51,080

செப்டம்பர் 1 முதல் அடிப்படைச் சம்பளம் 54,000 என்று உங்கள் பிரிவே கடிதம் தந்தது. சீட்டில் பழைய தொகைதான் நிற்கிறது. ஆனால் சேமலாப நிதியைப் பாருங்கள்: 4,320 என்பது 54,000இன் 8 சதவீதம். 48,000க்கு என்றால் 3,840தான் கழிந்திருக்க வேண்டும். கழிக்கும்போது புதுச் சம்பளம், கொடுக்கும்போது பழைய சம்பளம் என்று ஆகிவிட்டது. தயவுசெய்து கழிவைக் குறைத்துக் கணக்கை நேராக்கிவிட வேண்டாம், திருத்த வேண்டியது அடிப்படைச் சம்பளத்தைத்தான்.

மேலதிக நேரம் மொத்தம் 20 மணித்தியாலம். சிறுபோக நெல் ஒரேயடியாக வந்து குவிந்த கிழமைகளில் பரந்தனில் 8 மணித்தியாலமும், ஆள் போதாதென்று அனுப்பப்பட்ட ஒட்டுசுட்டான் களஞ்சியத்தில் 12 மணித்தியாலமும் நின்றேன். சீட்டில் பரந்தன் 8 மட்டுமே இருக்கிறது, அதுவும் மணிக்கு 300 ரூபாய்ப்படி. புதுச் சம்பளத்தை 240ஆல் பிரித்து ஒன்றரை மடங்காக்கினால் 337.50 வரும். ஒட்டுசுட்டான் நேரங்கள் பதிவுத் தாளின் பின்பக்கத்தில் இருக்கின்றன. முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் பண்ணி அனுப்பிவிட்டார்களோ தெரியாது. இரண்டு பக்கத்திலும் களஞ்சியப் பொறுப்பாளரின் கையொப்பம் உண்டு.

சம்பள உயர்வுக் கடிதம், சம்பளச் சீட்டு, பதிவுத் தாளின் இரு பக்கங்கள் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன்.

குறைந்த 10,350 ரூபாவை அடுத்த சம்பளத்தோடு சேர்க்காமல் ஒக்டோபர் 14க்கு முன் தனியாக வைப்பிலிட முடியுமா? 15ஆம் திகதி மோட்டார் சைக்கிள் லீசிங் கட்ட வேண்டும். அந்த மோட்டார் சைக்கிளில்தான் ஒட்டுசுட்டானுக்கும் போய்வருகிறேன். முடியாது என்றால் அதையாவது முன்கூட்டியே சொல்லுங்கள், வேறு வழி பார்த்துக்கொள்வேன். திருத்திய சீட்டு ஒன்றும் தேவை.

இந்தக் கிழமையும் ஒட்டுசுட்டானில்தான் நிற்கிறேன். அங்கே சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். அழைப்பு எடுபடாவிட்டால் இந்த மின்னஞ்சலுக்கே பதில் போடுங்கள், மாலையில் பார்ப்பேன்.

நன்றி.

இப்படிக்கு,
தர்சினி
எடைப்பதிவு எழுதுநர், பரந்தன் களஞ்சியம்
3 ஒக்டோபர் 2025