கிண்ணியாப் பாதைக் காலம்: காலை 8.30 நேரலைக்கான எழுத்துரு

அறிவிப்பாளர்: வணக்கம் நேயர்களே. இன்றைக்குப் பள்ளிப் பிள்ளைகளிடம் பாதை என்றால் வீதி என்பார்கள். கிண்ணியாப் பாலம் திறந்த 2009க்கு முன்னே பிறந்தவர்களைக் கேளுங்கள், ஆளையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு மிதந்து வந்த பாதையைச் சொல்வார்கள். நீங்கள் அதில் ஏறிய ஒரு நாளைச் சொல்லுங்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம்.

(நேர அளவை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பிறகு நடுவில் சொன்னால் முகத்தில் அடித்த மாதிரி இருக்கும்.)

அறிவிப்பாளர்: வணக்கம், யார் பேசுகிறீர்கள்?

நேயர்: அஸ்ஸலாமு அலைக்கும். கிண்ணியாவிலிருந்து...

அறிவிப்பாளர்: வஅலைக்கும் ஸலாம். ராத்தா, ரேடியோச் சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கள், உங்கள் குரலே திரும்பி வருகிறது. ஆ, சரி. சொல்லுங்கள்.

நேயர்: பாதை அக்கரையில நின்டா வாப்பா எங்களுக்குக் கச்சான் வாங்கித் தருவார். அதனால பாதை பிந்தி வரணும் எண்டு கேட்பம்.

அறிவிப்பாளர்: கச்சானுக்காகப் பாதையைப் பிந்தச் சொன்ன பிள்ளை! நன்றி ராத்தா. அடுத்து உப்புவெளியிலிருந்து ஓர் ஐயா. வணக்கம்.

நேயர்: வணக்கம் தம்பி. நான் கிண்ணியாவில் படிப்பித்தனான். ஒருநாள் மழை. விடைத்தாள் கட்டைப் பொலித்தீனில் சுற்றிச் சட்டைக்குள்ளே வைத்துக்கொண்டு நின்றேன். அந்தக் காலத்து அதிபர் எப்படியென்றால், அவர் முதலில் வேறொரு பள்ளிக்கூடத்தில்...

(இங்கேதான் கதை கிளை பிரியும். உடனே வெட்ட வேண்டாம். "ம்" போடுவதை மட்டும் நிறுத்துங்கள். ஒவ்வொரு "ம்"மும் அவருக்கு இன்னும் சொல்லச் சொல்கிற மாதிரி. மூன்று நிமிடம் தாண்டியதும் அவர் மூச்செடுக்கும் இடத்தில் உள்ளே வாருங்கள். "ஐயா" என்று கூப்பிட்டபடி வாருங்கள், அவர் சொன்ன பொருளில் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு.)

அறிவிப்பாளர்: ஐயா, ஐயா, அந்த விடைத்தாள் நனைந்ததா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள்.

நேயர்: ஒரு தாளும் நனையவில்லை தம்பி. நான்தான் நனைந்தேன்.

அறிவிப்பாளர்: தான் நனைந்து பிள்ளைகளின் தாளைக் காப்பாற்றியிருக்கிறீர்கள். இது எங்கள் மனதில் நிற்கும் ஐயா. மூதூரிலிருந்து ஓர் அக்கா நெடுநேரமாகக் காத்திருக்கிறார், அவருக்கும் வழிவிடுவோம். அதிபரின் கதையைக் கேட்க நிகழ்ச்சி முடிந்ததும் நானே உங்களுக்கு எடுக்கிறேன். மிக்க நன்றி, வணக்கம் ஐயா.

நேயர்: சரி தம்பி, வணக்கம்.

(அவர் வணக்கம் சொல்லி முடித்த பிறகே குரலை இறக்குங்கள். 9 மணிச் செய்தி ஓடும்போது மறக்காமல் அவருக்கு அழைப்பு எடுங்கள். ஒருமுறை ஓர் அம்மாவுக்கு இப்படிச் சொல்லிவிட்டு நான் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் எங்கள் நிகழ்ச்சிக்கு வரவேயில்லை.)