குளிர்சாதனப் பெட்டியையும் குளியலறையையும் முறை வைத்துச் சுத்தம் செய்வது பற்றி அறைத் தோழியருக்கு

அன்புள்ள ஜெனிஃபர் அக்கா, கயல்விழி, ஃபாத்திமா ஆகியோருக்கு,

நாம் நால்வரும் பயன்படுத்தும் குளிர்சாதனப் பெட்டியும் குளியலறையும் இப்போது இருக்கும் நிலையில் தொடரக்கூடாது என்பதில் நம்மிடையே கருத்து வேறுபாடு இருக்காது. யாருடைய வேலை என்று வகுக்கப்படாததால்தான் அது யாருடைய வேலையாகவும் இல்லாமல் போயிற்று. எனவே ஒரு முறைப்பட்டியலை முன்வைக்கிறேன். படித்துவிட்டு மாற்றம் வேண்டுமானால் சொல்லுங்கள்.

முதலில் குளியலறை. குளியல் மூலையில் டைல்ஸ் இடுக்குகளிலும் மேற்கூரையின் ஓரத்திலும் படர்ந்திருக்கும் கறுப்பு, வெறும் அழுக்கன்று, பூஞ்சை. ஈரம் நீடிக்கும் வரை அதை எத்தனை முறை தேய்த்தாலும் திரும்ப வரும். பிளீச்சிங் திரவம் நிறத்தைப் போக்கிவிடும் என்றாலும், சிமெண்ட் இடுக்குக்குள் இறங்கியிருப்பதை அது முழுமையாக எட்டாது. ஆகவே சோப்புத்தூள் கரைசலால் தூரிகை கொண்டு தேய்த்துக் கழுவி, நன்றாக உலரவிடுவதுதான் முதன்மையான வேலை. இதற்காக நான் கேட்பது ஒன்றே: குளித்து முடித்த ஒவ்வொருவரும் சுவரிலும் தரையிலும் நிற்கும் நீரை வைப்பரால் தள்ளிவிட்டு, காற்றுப்போக்கி விசிறியை அரை மணி நேரமாவது ஓடவிட வேண்டும். ஈரத் துண்டுகளை உள்ளேயே தொங்கவிடும் பழக்கத்தையும் நாம் நிறுத்திக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கழிப்பறைக்கு ஊற்றும் அமிலத் திரவத்தையும் பிளீச்சிங் திரவத்தையும் ஒருபோதும் சேர்த்துப் பயன்படுத்தக் கூடாது. இரண்டும் கலந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிவரும். ஒரு நாளில் ஏதேனும் ஒன்றை மட்டும், கையுறை அணிந்து, கதவையும் சன்னலையும் திறந்துவைத்துப் பயன்படுத்துவோம்.

குளிர்சாதனப் பெட்டியைப் பொறுத்தவரை, உள்ளே வைத்தால் எதுவும் கெடாது என்ற நம்பிக்கையே நமக்குப் பகையாக இருக்கிறது. குளிர் நுண்ணுயிர்களின் வளர்ச்சியைத் தாமதப்படுத்துமே தவிர அவற்றைக் கொல்லாது. லிஸ்டீரியா போன்ற சில, அந்தக் குளிரிலும் பெருகக் கூடியவை. சமைத்த உணவை மூன்று அல்லது நான்கு நாட்களுக்குமேல் வைக்கக் கூடாது. எனவே ஒவ்வொரு டப்பாவிலும் பெயரையும் தேதியையும் ஒட்டிவைப்போம். பெயரில்லாததையும் நாள் கடந்ததையும் முறைக்காரர் யாரையும் கேட்காமல் எறிந்துவிடலாம். பின்தட்டில் மாதக்கணக்கில் இருக்கும் அந்தப் பச்சை மூடி டப்பாவைத் திறக்கும் துணிச்சல் எனக்கில்லை, அது மூடியபடியே போகட்டும்.

முறைக்காரர் செய்ய வேண்டியது: தட்டுகளை எடுத்து வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவித் துடைப்பது, சிந்தியதைத் துடைப்பது, கதவின் ரப்பர் மடிப்பைச் சுத்தம் செய்வது. கண்ணாடித் தட்டுகளைக் குளிர்ந்தபடியே சுடுநீரில் போட்டால் விரிசல் விடக்கூடும். உறைபெட்டியில் பனி தடித்திருந்தால் மின் இணைப்பைத் துண்டித்து, தானாக உருக விட வேண்டும். கத்தியால் குத்தினால் உள்ளிருக்கும் குழாய் துளைபட்டு, பெட்டியே பயனற்றுப் போகக்கூடும்.

பெட்டிக்குச் சனிக்கிழமை மாலையும் குளியலறைக்கு ஞாயிறு காலையும் ஒதுக்கலாம். நான்கு வாரச் சுற்று இப்படி அமையும்:

முதல் வாரம்: பெட்டி நான், குளியலறை கயல்விழி.
இரண்டாம் வாரம்: பெட்டி ஃபாத்திமா, குளியலறை ஜெனிஃபர் அக்கா.
மூன்றாம் வாரம்: பெட்டி கயல்விழி, குளியலறை நான்.
நான்காம் வாரம்: பெட்டி ஜெனிஃபர் அக்கா, குளியலறை ஃபாத்திமா.

ஃபாத்திமாவுக்கு மூச்சிரைப்பு இருப்பதால், பூஞ்சையைத் தேய்த்தெடுக்கும் முதல் பெருந்துப்புரவை, வரும் ஞாயிறு காலை 9 மணிக்கு, நாங்கள் மூவரும் முகக்கவசம் அணிந்து செய்துவிடுகிறோம். அந்த நேரத்தில் அவர் அறைக்கு வெளியே இருப்பது நல்லது. நான்காம் வாரக் குளியலறை முறையும் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லையென்றால், என் முதல் வாரப் பெட்டி முறையோடு மாற்றிக்கொள்ள எனக்கு மறுப்பில்லை. ஆனால் இதை இந்த வாரமே தெரிவித்தால்தான் மாற்ற முடியும்.

தேர்வு, ஊருக்குப் போவது, உடல்நலக் குறைவு ஆகிய காரணங்களுக்காக எவரும் எவருடனும் முறையை மாற்றிக்கொள்ளலாம். மாற்றியதைக் கதவில் ஒட்டும் தாளில் எழுதிவிட்டால் போதும். சொல்லாமல் தவறவிட்டவர் தம் அடுத்த முறையின்போது விட்ட வேலையையும் சேர்த்துச் செய்ய வேண்டும் என்பது என் யோசனை. அபராதம் வசூலிக்கும் பேச்சு வேண்டாம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் பணம் கொடுத்துவிட்டு வேலையைத் தட்டிக்கழிக்கும் வழியாகவே அது முடியும். கையுறை, தூரிகை, சோப்புத்தூள் ஆகியவற்றின் செலவை நால்வரும் சமமாகப் பகிர்ந்துகொள்ளலாம். வாங்கி வருவதை நான் ஏற்கிறேன்.

வெள்ளிக்கிழமை இரவுக்குள் உங்கள் ஒப்புதலையோ திருத்தத்தையோ இந்தத் தாளின் அடியிலேயே எழுதிவிடுங்கள். சனிக்கிழமை மாலை முதல் முறையை நான் தொடங்குகிறேன்.

அன்புடன்,
மதி