எது முதலில் உதிர்கிறது, எது கடைசிவரை நிற்கிறது: காப்டிக் வழிபாட்டில் பழைய மொழி

புரியாத மொழியில் ஏன் வணங்குகிறார்கள் என்று கேட்டால், அது புனிதமான மொழி என்பதால் என்ற விடை உடனே வரும். அந்த விடை தவறில்லை. ஆனால் ஆய்வுக்கு அது போதாது. புனிதம் என்று சொல்லும் அதே சமூகம் அந்த மொழியின் ஒரு பகுதியைத் தயங்காமல் விட்டுவிட்டு, இன்னொரு பகுதியை உயிரைப்போலக் காத்து வருகிறது. எதை விட்டார்கள், எதை விடவில்லை என்று பிரித்துப் பார்த்தால்தான் காரணம் பிடிபடும். எகிப்தின் காப்டிக் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையை எடுத்துக்கொண்டு அதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

எகிப்து 7ஆம் நூற்றாண்டின் நடுவில் அரபு ஆட்சிக்குள் வந்தது. அப்போது எகிப்திய மக்கள் பேசிய மொழி காப்டிக். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசு அலுவல்கள் அரபுக்கு மாறின. 10ஆம் நூற்றாண்டிலேயே ஆயர்கள் அரபியில் எழுதத் தொடங்கிவிட்டார்கள். 1131 முதல் 1145 வரை முதுபெரும் தந்தையாக இருந்த இரண்டாம் கேப்ரியல், விசுவாசப் பிரமாணத்தையும் ஆண்டவர் கற்பித்த ஜெபத்தையும் மக்களுக்குப் புரியும் மொழியில் கற்பிக்கச் சொன்னார். 13ஆம் நூற்றாண்டில் காப்டிக் இலக்கண நூல்களும் சொற்பட்டியல்களும் அரபியில் வரிசையாக வெளிவந்தன. தாய்மொழிக்கு யாரும் சொற்பட்டியல் தேட மாட்டார்கள். வீட்டில் அந்த மொழி ஓய்ந்துவிட்டது என்பதற்கு அந்த நூல்களே சாட்சி.

இன்றைய வழிபாட்டில் மறைநூல் வாசகங்களின் சாரமும் மறையுரையும் அரபியில் வருகின்றன. இவை ஒருவர் சொல்ல மற்றவர் கேட்டு விளங்கிக்கொள்ள வேண்டியவை. குருவின் நீண்ட மன்றாட்டுகளில் இரண்டு மொழியும் கலந்து வரும். நேரத்தையும் கூட்டத்தையும் பொறுத்துக் குருவே முடிவு செய்துகொள்வார். அசையாமல் நிற்பவை குருவும் திருத்தொண்டரும் சபையும் மாறி மாறிச் சொல்லும் குறுந்தொடர்கள்தாம். ஒரு குறுந்தொடர் மாறினால் மறுமொழியும் மாற வேண்டும். நூறு பேர் ஒரே மூச்சில் சொல்லும் மறுமொழியை மாற்ற நூறு வாய்களையும் ஒரே நாளில் பழக்க வேண்டியிருக்கும். வாசகத்தை மாற்ற ஒரு வாசகர் மாறினால் போதும்.

இந்தக் குறுந்தொடர்களில் பல காப்டிக்கே அல்ல, கிரேக்கம். நற்கருணை மன்றாட்டின் தொடக்கத்தில் குரு "ஓ கிரியோஸ் மெத்தா பாந்தோன் இமோன்" (ஆண்டவர் உங்கள் அனைவரோடும் இருப்பாராக) என்கிறார். அடுத்து வரும் மறுமொழிகளில் ஒன்று "அக்சியோன் கே திக்கேயோன்" (தகுதியும் நீதியுமானதே). அலெக்சாந்திரியாவில் கிரேக்கம் வழிபாட்டு மொழியாக இருந்த காலத்தின் மிச்சம் இவை. காப்டிக் மக்கள் மொழியாக இருந்தபோது, பழைய கிரேக்கம் இதே இடங்களில்தான் ஒதுங்கி நின்றது. காப்டிக்கும் இன்று அரபிக்கு நடுவே அப்படித்தான் நிற்கிறது. ஒரு மொழியின் தனிப் புனிதமே காரணம் என்றால், காப்டிக் புனிதமானபோது கிரேக்கம் போயிருக்க வேண்டுமே! இடந்தான் மொழியைக் காப்பாற்றுகிறது என்று நான் வாதிடுவதற்கு இதுவே வலுவான ஆதாரம்.

இரண்டாவது பிடிமானம் இசை. பெரிய வெள்ளியன்று பாடப்படும் "பேக்எத்ரோனோஸ்" (45ஆம் சங்கீதம்: தேவனே, உமது சிங்காசனம்) என்ற பாடலில் சொற்கள் மிகக் குறைவு. ஓர் உயிரொலியையே நீட்டி நீட்டிப் பல நிமிடம் பாடுவார்கள். அரபிச் சொல்லை அந்த மெட்டில் வைத்தால், நீட்ட வேண்டிய இடத்தில் மெய்யொலி வந்து குரலை அடைத்துவிடும், அல்லது அசை எண்ணிக்கை பொருந்தாமல் போகும். ஆகவே மொழியை மாற்ற வேண்டுமானால் மெட்டையும் மாற்ற வேண்டும். மெட்டோ ஏட்டில் இருந்ததில்லை. முஅல்லிம் எனப்படும் பாடகர்களின், அவர்களில் பலர் பார்வையற்றவர்கள், நினைவில்தான் இருந்தது. முஅல்லிம் மிக்காயில் கிர்கிஸ் அல்பதானூனி பாடப் பாட ஆங்கில இசைக்கலைஞர் எர்னஸ்ட் நியூலண்ட்ஸ்மித் 1927 முதல் இசைக்குறிகளாக எழுதி 16 தொகுதிகள் ஆக்கினார். காப்டிக் இசை ஆய்வாளர் ராகிப் முஃப்தா அந்தப் பணியை முன்னின்று நடத்தினார். அதுவரை ஒரு முஅல்லிம் மாணவன் இல்லாமல் இறந்தால், அவரோடு சில பாடல்களும் போய்விடும்.

பழைய மொழி மாறாமல் இருக்கிறது என்ற நம்பிக்கையைக் களஆய்வில் அப்படியே எழுதிக்கொள்ளக் கூடாது. 1850களின் இறுதியில் நவீன கிரேக்க உச்சரிப்பைப் பின்பற்றிக் காப்டிக் உச்சரிப்பைத் திருத்தினார்கள். கிரேக்கத் திருச்சபையோடு ஒன்றிணையும் நோக்கம் அதன் பின்னால் இருந்தது. எகிப்திய அரபுப் பேச்சில் இல்லாத ஒலிகள், ஆங்கில v, th போன்றவை, இதனால் நுழைந்தன. இணைப்பு நடக்கவில்லை. உச்சரிப்பு தங்கிவிட்டது. இன்று அதுவே பழமையானது என்று பலர் மனமார நம்புகிறார்கள். ஆக, மாறாமை என்பது ஒலியின் இயல்பல்ல, அதைப் பற்றிச் சமூகம் கொண்டிருக்கும் உறுதி.

எழுத்தும் சிக்கல் செய்கிறது. காப்டிக் எழுத்தை வாசிக்கத் தெரியாதவர்களுக்காக, ஒலியை அரபி எழுத்தில் தரும் தனிப்பத்தி வழிபாட்டு நூல்களில் அச்சாகிறது. அரபியில் குறில் எழுதப்படாது, ஆங்கில p ஒலிக்குத் தனி எழுத்தும் கிடையாது. அதனால் வேறுபட்ட சொற்கள் ஒன்றுபோல் ஒலிக்கத் தொடங்குகின்றன. தமிழ் எழுத்தில் அச்சிட்ட வடமொழித் தோத்திர நூல்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ப, ப², ப³, ப⁴ என்று மேலே எண் போட்டிருப்பார்கள். எண்ணைக் கவனிக்காமல் வாசிப்பவர்கள் நான்கையும் ஒன்றாக்கிவிடுவார்கள்.

தரவு திரட்டுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு கூற்றுக்கும் நான்கைக் குறியுங்கள்: சொல்பவர் யார், பாடப்பட்டதா பேசப்பட்டதா, மறுமொழியை எதிர்பார்க்கிறதா, எந்த மொழி. நிமிடக் கணக்கில் மொழிப் பங்கை அளந்தால் நீண்ட பாடல் ஒன்று கணக்கையே புரட்டிவிடும். சொல் கணக்கில் அளந்தால் அதே பாடல் காணாமல் போகும். கூற்றுதான் பொருத்தமான அலகு. "புரிகிறதா?" என்று கேட்காதீர்கள். சொல்லுக்குச் சொல் பொருள் தெரியாதவருக்கும் எப்போது எழ வேண்டும், எப்போது தலை குனிய வேண்டும் என்று தெரியும். அந்தத் தேர்ச்சியை 'புரியவில்லை' என்ற விடை மூடி மறைத்துவிடுகிறது.

அடையாளமே காரணம் என்போர் இங்கே குறுக்கிடலாம்: முஸ்லிம் அண்டைவீட்டாரும் அரபியே பேசும்போது, காப்டிக் வேறுபாட்டைக் காட்டுகிறதே என்று. உண்மைதான். வட அமெரிக்காவிலும் ஆங்கிலம் அரபியின் இடத்தைத்தான் பிடிக்கிறது, காப்டிக்கின் இடத்தை அல்ல. ஆனால் அடையாள வேட்கை ஏற்கெனவே நிற்கும் ஒன்றைப் பற்றிக்கொள்ளும். அது எங்கே நிற்க வேண்டும் என்பதை அது முடிவு செய்வதில்லை.

இதைச் சோதிக்க அருகிலேயே கேரளம் இருக்கிறது. சிரியாக் மரபின் ஆர்த்தடாக்ஸ் ஆலயங்களில் குர்பானா எனப்படும் நற்கருணை வழிபாடு இன்று பெரும்பாலும் மலையாளத்தில் நடக்கிறது. அதன் நடுவில் திருத்தொண்டர் "ஸ்தோமென் காலோஸ்" என்று உரக்கச் சொல்வார். "நன்றாக நிற்போம்" என்று பொருள்படும் கிரேக்கம் அது. சபையும் கிரேக்கத்திலேயே, "ஆண்டவரே, இரங்கும்" என்ற பொருளில், "குரியேலாயிசோன்" என்று பதில் சொல்லும். மலையாளத்துக்குள் சிரியாக், சிரியாக்குக்குள் கிரேக்கம். மிகப் பழைய அடுக்கு இங்கும் ஒரு கட்டளையிலும் அதற்கான மறுமொழியிலுமே உட்கார்ந்திருக்கிறது.